ஒரு டம்ளர் டீ, ஒன்றரை மணி நேரம்

சின்னக் குழந்தையின் பல்லைப் பார்க்க அந்தச் சாயும் நாற்காலி வேண்டியதில்லை. நான்கு முழங்கால் இருந்தால் போதும். அம்மா ஒரு ஸ்டூலில், டாக்டர் எதிரே இன்னொரு ஸ்டூலில், முட்டியோடு முட்டி இடிக்க உட்காருகிறார்கள். அம்மாவைப் பார்த்தபடி மடியில் இருக்கும் குழந்தையை அப்படியே பின்னால் சாய்த்தால் தலை டாக்டரின் மடிக்கு வந்துவிடுகிறது. குழந்தை வீறிடும். வீறிடுகிற வாய் திறந்திருக்கும் என்பதால் டாக்டருக்கு அதில் வருத்தமில்லை.

திருப்பூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பல் பிரிவு. அன்று காலை அப்படிச் சாய்க்கப்பட்டவனுக்கு வயது இரண்டு ஆண்டு எட்டு மாதம். அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். கூடவே அம்மிச்சி. பகலெல்லாம் பையன் அவரிடம்தான் வளர்கிறான்.

டாக்டரம்மா பையனின் மேலுதட்டை விரலால் தூக்கினார். பல்லைப் பஞ்சுத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே நடுவில் இருந்த இரண்டு பற்களும் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து பாதியாகியிருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த அடுத்த இரண்டில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஈரம் இருந்தவரை அது கண்ணில் படவே இல்லை. பல்லின் மேற்பரப்பிலிருந்து தாது கரையத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் அந்தக் கோடுதான். அந்தக் கட்டத்தில் பிடித்தால் ஓட்டை விழாமல் நிறுத்திவிடலாம்.

அடுத்து கீழுதட்டை இறக்கினார். கீழ் முன்பற்கள் நான்கும் பளிச்சென்று இருந்தன. ஒரே வாய், அதே சாப்பாடு, மேலே அழிவு, கீழே ஒன்றுமில்லை.

"பாட்டில் குடிக்கிற வாய் இது" என்றார் டாக்டர். குழந்தை நிப்பிளைச் சப்பும்போது நாக்கு முன்னால் வந்து கீழ் முன்பற்களின் மேல் படுத்துக்கொள்கிறது. நாக்குக்கு அடியில்தான் எச்சில் சுரப்பிகளின் வாய்க்கால் திறக்கிறது. எனவே கீழ்ப் பற்களுக்கு மேலே நாக்குக் குடை, அடியில் ஓயாத ஊற்று. மேல் முன்பற்களுக்கு இரண்டும் கிடையாது. பாலோ டீயோ அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கிறது.

அம்மிச்சிக்கு இதில் உடன்பாடில்லை. "பல்லுல பூச்சி உளுந்துருச்சுங்க டாக்டரம்மா. முட்டாயே கண்ணுல காட்டறதில்லீங்க. நாளெல்லாம் சேத்தாலும் அஞ்சு கரண்டி அஸ்காதான் போகும். எங்க பெரிய புள்ளையோட மக இவனவிட ஜாஸ்தி திங்கறா, அவளுக்கு ஒண்ணுமே இல்லீங்களே?"

பூச்சியை விட்டுவிட்டால் அது நியாயமான கேள்வி. அவர் பொய்யும் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்து, குழந்தை மூன்று நாள் என்ன சாப்பிட்டது என்று எழுதிவரச் சொல்வார்கள். அம்மா எழுதியிருந்த தாளை டாக்டர் என்னிடம் நீட்டினார். காலை டீ ஒரு டம்ளர், இட்லி இரண்டு. பத்து மணிக்குப் பால். மதியம் சாதம், பால். சாயந்திரம் டீ, ரஸ்க். ராத்திரி பால். சர்க்கரை ஐந்து கரண்டி. எந்த வீட்டிலும் இருக்கிற பட்டியல்தான் அது.

"இந்தத் தாளை வைத்துக்கொண்டு இந்த வாயைப் புரிந்துகொள்ள முடியாது. 'டீ ஒரு டம்ளர்' என்று இருக்கிறது. எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தான் என்பது எங்கே?" என்றார் டாக்டர். அவர் கேட்டது எனக்கு ஒட்டிக்கொண்டது. அம்மிச்சியிடம் அனுமதி கேட்டேன். "வாங்க தம்பி, வந்து பாருங்க, நானா ஊட்டி ஊட்டிக் கெடுக்கறேன்னு" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு நாற்பதுக்கு டீ வந்தது. பெரியவர்களுக்குப் போட்டதில் பால் கூட்டி ஆற்றி, ஒரு கரண்டி சர்க்கரையோடு, எவர்சில்வர் டம்ளரில். பையன் இரண்டு மிடறு குடித்தான். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். ஏழு மணிக்குத் திரும்பி வந்து ஒரு மிடறு. கோழியைத் துரத்திவிட்டு வந்து ஒரு மிடறு. இட்லி ஊட்டும்போது, ஒவ்வொரு வாய்க்கும் லஞ்சமாக ஒரு மிடறு. டீ எப்போதோ ஆறிப் போயிருந்தது, அவனுக்கு அது பொருட்டில்லை. எட்டேகால் ஆவதற்குள் அம்மிச்சி டம்ளரைக் கழுவப் போட்டபோது நோட்டில் பதினொரு கோடு இருந்தது. தாளில் 'டீ ஒரு டம்ளர்' என்று இருந்தது இதுதான். ஆறு நாற்பதிலிருந்து எட்டு பத்து வரை, ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாய்க்குள் நடந்ததைச் சொல்ல 1940-களுக்குப் போகவேண்டும். ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆட்களைச் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, பல்லின் மேல் படியும் மெல்லிய பாசியில் அமிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே பாசியில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, நடுநிலையான 7-ஐ ஒட்டிய இடத்திலிருந்து சரசரவென்று சரிகிறது. ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் வேலையை ஆரம்பித்து, அமிலத்தைக் கழுவி முறித்து, கரைந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். சரிவு செங்குத்து, ஏற்றம் நொண்டி நடை.

அளவை விடத் தடவை முக்கியமாவது இங்கேதான். பாசியிலுள்ள உயிர்களுக்கு ஒரு மிடறே விருந்து. பத்து மிடற்றை ஒரே மூச்சில் குடித்தால் அமிலம் பத்து மடங்காவதில்லை. பாசி ஒரு நேரத்தில் செய்யக்கூடிய அமிலத்துக்கு ஓர் எல்லை உண்டு, மிச்சச் சர்க்கரை தொண்டைக்குள் போய்விடும். அதே பத்து மிடற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பரப்பினால், எச்சில் மேட்டில் பாதி ஏறும்போதெல்லாம் மறுபடி கீழே தள்ளிவிடுகிறோம். ஜன்னல் கட்டையில் ஆறிக்கொண்டிருந்த டம்ளர் அந்த வேலையைத்தான் செய்தது.

அன்றைய நோட்டின் மிச்சம் இது. பத்தேகாலுக்கு சிப்பரில் பால், ஒரு கரண்டி சர்க்கரை. பதினொன்று ஐந்து வரை அதை இழுத்துக்கொண்டே திரிந்தான். மதியம் ஒரு மணிக்குப் பாட்டிலோடு படுத்தான். ஒன்றரைக்குத் தூங்கிவிட்டான், நிப்பிள் மட்டும் இரண்டரை வரை வாயிலேயே இருந்தது. நாலு மணிக்கு டீ, அதில் நனைத்த ரஸ்க், ஐந்து பத்து வரை. ஒவ்வொன்றின் கடைசி மிடற்றுக்கும் பிறகு, குறைந்த கணக்காகவே, அரை மணி நேரம் சேர்த்தேன். இரண்டு மணி, ஒரு மணி இருபது நிமிடம், இரண்டு மணி, ஒரு மணி நாற்பது நிமிடம். கூட்டினால் ஏழு மணி நேரம். பகலில் மட்டும் ஏழு மணி நேரம் அந்தப் பற்கள் அமிலத்தில் நின்றிருக்கின்றன.

ராத்திரிக் கணக்கை அவன் அம்மா சொன்னார். ஒன்பது மணிக்குப் பாட்டில். பன்னிரண்டரைக்கு அழுவான், மறுபடி பாட்டில். மூன்றரைக்கு இன்னொன்று. "பாட்டில் இல்லேன்னா தெருவே எந்திரிச்சுரும்ங்க. நான் எட்டு மணிக்கு கம்பெனில நிக்கோணும்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மோசமான நேரம் அதுதான். தூக்கத்தில் எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. விழுங்குவதும் குறைந்துவிடுகிறது. பகலில் அரை மணியில் கழுவிவிடுகிற ஊற்று ராத்திரியில் வற்றிக் கிடக்க, கடைசியாக வாயில் தங்கிய பால் பல்லைச் சுற்றி அப்படியே நிற்கும். ஒரு பாட்டிலுக்கு ஒரு மணி என்று தாராளமாய்க் குறைத்துப் போட்டாலும் மூன்று மணி நேரம். பகலோடு சேர்த்தால் பத்து.

சர்க்கரை எவ்வளவு? அம்மிச்சி போடும் கரண்டியைத் தலைதட்டி நிறுத்தால் நான்கு கிராம். பகலில் நான்கு கரண்டி, ராத்திரி மூன்று பாட்டிலுக்கும் சேர்த்து ஒன்றரை. மொத்தம் ஐந்தரை, அதாவது 22 கிராம். ரஸ்க்கில் இருப்பது தனி. தாளில் எழுதியிருந்த ஐந்தில் அரைக் கரண்டிதான் பிசகு.

இனி, ஜாஸ்தி தின்கிறாள் என்று அம்மிச்சி சொன்ன பேத்தி. அடுத்த வீடு, மூன்று வயது, நல்ல வாயாடி. காலையில் இட்லியோடு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பாலை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். சாயந்திரம் பன்னோடு அதே போல இரண்டு கரண்டி. ராத்திரி தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டால்தான் ஆயிற்று, அது மூன்று கரண்டி. ஆக ஏழு கரண்டி, 28 கிராம். இடையில் தண்ணீர் மட்டும். அவள் மூன்று வேளைக்கும் பதினைந்து நிமிடத்தோடு அரை மணி சேர்த்தால் இரண்டேகால் மணி நேரம்தான் வருகிறது. சர்க்கரையில் இவள் கூட. அமிலத்தில் நின்ற நேரத்தில் அவன் நாலு மடங்குக்கு மேல். அவளே பெருமையாக உதட்டைத் தூக்கிக் காட்டினாள். என் கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியவில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவள் தினமும் ஃபுளோரைடு பேஸ்ட்டில் பல் தேய்க்கிறாள், இவனுக்கு விரலால் துடைப்பதோடு சரி. அது ஒன்றே பெரிய வித்தியாசம். தடவைக் கணக்குக்கு உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது, அது கொஞ்சம் வெட்கக்கேடான இடம். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் விப்பேஹோல்ம் என்ற விடுதி. மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் அவர்களுடைய சம்மதம் கேட்காமலேயே அவர்களுக்குச் சர்க்கரை கொடுத்துப் பல் கெடுகிறதா என்று பார்த்தார்கள். சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை கொடுத்தவர்களுக்குச் சொத்தை கொஞ்சமே கூடியது. சாப்பாட்டுக்கு இடையில், ஒட்டிக்கொள்ளும்படி செய்த டாஃபியை அடிக்கடி கொடுத்தவர்களுக்குப் பற்கள் சரமாரியாகச் சொத்தையாயின. 1954-ல் முடிவுகள் வெளிவந்தன. இன்று யாரும் அப்படி ஒரு சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் பல் மருத்துவர்கள் 'எவ்வளவு' என்பதோடு 'எத்தனை தடவை' என்று கேட்கப் பழகியது அதற்குப் பிறகுதான்.

அதற்காக அளவு நிரபராதி ஆகிவிடாது. அடிக்கடி தின்பவர்கள் பெரும்பாலும் மொத்தத்திலும் கூடத் தின்பவர்கள், ஊர் அளவில் பார்க்கும்போது இரண்டையும் பிரிப்பது கடினம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆயிரம் கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்பது மூன்று கரண்டி. அந்தக் கணக்கில் பேத்தி, பேரன் இரண்டு பேருமே தாண்டிவிட்டார்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்பது இன்னொரு வழக்கு, அதை டாக்டர் தனியாகப் பேசினார்.

பால்தானே, டீதானே என்று இன்னொரு சமாதானம் உண்டு. பாதி உண்மை. பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸ், சர்க்கரைகளில் பல்லுக்குச் சாது. பாலில் கால்சியமும் கேசின் என்ற புரதமும் பல்லுக்குத் துணையாக இருக்கின்றன. டீயிலையில் கொஞ்சம் ஃபுளோரைடு கூட உண்டு. அஸ்கா ஒரு கரண்டி விழுந்ததும் அந்தத் துணையெல்லாம் தோற்றுவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரையை வைத்து அந்த நுண்ணுயிர்கள் அமிலம் மட்டும் செய்வதில்லை, பல்லோடு ஒட்டிக்கொள்ள ஒரு பசையும் செய்துகொள்கின்றன.

ஒரு வாரம் கழித்து நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கோடுகளை எண்ணிவிட்டு அம்மிச்சியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்னையே ஆச்சரியப்படுத்தியது. "சக்கரையை இன்னைக்கே நிறுத்த வேண்டாம்மா. முதல்ல டம்ளரைச் சின்னதாக்குங்க."

விளக்கம் எளிது. பையன் ஒரே இருப்பில் குடிக்க முடிவது அறுபது எழுபது மில்லி. அவனுக்கு வைத்தது நூற்றைம்பது மில்லி டம்ளர். மிஞ்சுகிற பாதிதான் ஜன்னல் கட்டைக்குப் போய்க் காலையை இழுக்கிறது. இனிமேல் சின்ன டம்ளர், இட்லியோடு சேர்த்துப் பதினைந்து நிமிடம், மிஞ்சினால் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். டீயைக் கொட்டுவதா என்று அம்மிச்சியின் முகம் சுருங்கியது. சிப்பரில் இனி தண்ணீர் மட்டும். சாயந்திரம் மறுபடி ஒரு வேளை, அதே பதினைந்து நிமிடம். மதியத் தூக்கத்துக்குப் பாட்டில் கிடையாது.

ராத்திரிக்கு மட்டும் படிப்படியாக. நான்கு நாளைக்கு ஒரு தடவை சர்க்கரையில் அரைக் கரண்டி குறைப்பது, அது போனதும் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவது, முடிவில் வெறும் தண்ணீர். படுக்கும் முன் அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்து, அம்மாவே பல் தேய்த்துவிடுவது. பேஸ்ட் வாங்கும்போது ஃபுளோரைடு 1000 பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

"பால் பல்லுதானுங்களே, உளுந்துரும்" என்று அம்மிச்சி கடைசி முயற்சியாகச் சொன்னார். முன்பற்கள் விழ ஆறேழு வயதாகும், கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வரை இருக்கும், அதற்குள் எனாமல் மெலிந்த அந்தப் பற்களில் சொத்தை நரம்பைத் தொட்டுவிடும் என்றார் டாக்டர். இன்னும் தொடவில்லை: ராத்திரி வலி கிடையாது, ஈறில் கட்டி கிடையாது. அதனால் நடுவில் இருந்த இரண்டு பற்களுக்கும் வெள்ளிச் சத்தும் ஃபுளோரைடும் கலந்த மருந்தைத் தடவினார். சொத்தை அங்கேயே கெட்டியாகி நிற்கும், ஆனால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும் என்று முன்னமே சொல்லி அம்மாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். பல் எடுப்பதை விட, மயக்க மருந்து கொடுத்து வாய் முழுக்க வேலை செய்வதை விட அது மேல் என்று தலையசைத்தார். வெள்ளைக் கோடு விழுந்த இரண்டுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார்.

சொன்னபடி எல்லாம் நடந்துவிடவில்லை. மூன்றாம் ராத்திரி பையன் அழுத அழுகையில் முழுச் சர்க்கரைப் பாட்டில் திரும்பி வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தாத்தா தனியாக ஒரு பக்கம் ரஸ்க் கொடுத்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த ஸ்டூல்களுக்குப் பக்கத்தில் நின்றேன். நடுப்பற்கள் இரண்டும் கறுப்பாக இருந்தன. டாக்டர் கருவியின் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. பக்கத்துப் பற்களின் வெள்ளைக் கோடு மறையவில்லை. ஆனால் சுண்ணாம்பு போல மங்கிக் கிடந்தது இப்போது வழவழவென்று மினுங்கியது. கரைவது நின்றதற்கு அது அடையாளமாம். புதிதாக எந்தப் பல்லிலும் கோடு விழவில்லை. ராத்திரிப் பாட்டிலில் தண்ணீர் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

வெளியே வரும்போது அம்மிச்சியிடம், இப்போது ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி போகிறது என்று கேட்டேன். கொஞ்சம் விரல்விட்டு எண்ணினார்.

"நாலு கரண்டி போகுதுங்க தம்பி. ரெண்டே வேளைல."